தந்தையை இழந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுச் சிகிச்சை: அறைக்குள் நடப்பதும் வீட்டாரிடம் சொல்வதும்

எட்டு வயதுப் பையனிடம் “அப்பா இல்லாதது உனக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். “ஓகே” என்பான். அதே பையன் கையில் ஒரு பொம்மை ஆம்புலன்ஸ் கிடைத்தால் முக்கால் மணி நேரம் வாய் ஓயாமல் அந்த இரவைச் சொல்லிவிடுவான், தான் எதைச் சொல்கிறோம் என்று அறியாமலே. பிள்ளைகளுக்குப் பேச்சு வராமல் இல்லை. துக்கத்தைச் சொற்களில் அடுக்கித் தரும் திறன் அந்த வயதில் இன்னும் முற்றவில்லை. அதனால் பேச்சு இருக்க வேண்டிய இடத்தில் விளையாட்டை வைத்து நடத்தும் உளச்சிகிச்சையை விளையாட்டுச் சிகிச்சை என்கிறோம். பிள்ளை முன்னால் போக, பெரியவர் பின்னால் வரவேண்டும் என்ற அதன் அடிப்படையை வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் எழுதினார். கேரி லேண்ட்ரெத் பின்னர் அதை விரித்தார். இன்று பலரும் பின்பற்றுவது அந்த வழியைத்தான்.

தொடக்கப்பள்ளிக்கு வரும் வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று விஷயங்கள் பிடிபட்டிருக்கும்: இறந்தவர் திரும்ப மாட்டார், இறந்த உடல் வேலை செய்யாது, எல்லாரும் ஒருநாள் இறப்போம். பிடிபடாமல் நிற்பது காரணம். ‘ஏன் இறந்தார்?’ என்ற கேள்விக்குப் பெரியவர்கள் பதில் தராவிட்டால் பிள்ளை தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அப்படி உருவாகும் பதிலில் பெரும்பாலும் குற்றவாளி அந்தப் பிள்ளைதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு முடிச்சைத்தான் பின்தொடரப் போகிறது.

விளக்கத்துக்காக ஒரு பையனை வைத்துக்கொள்வோம். அவன் தனி ஒருவன் இல்லை, பல பிள்ளைகளைச் சேர்த்துச் செய்த உரு. தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். சிங்கப்பூரில் ஒரு வீவக வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, இவன். ஒருநாள் விடியற்காலையில் அப்பாவுக்கு மாரடைப்பு. சத்தம் கேட்டு எழுந்தவன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தது ஸ்ட்ரெச்சரையும், அது லிஃப்டுக்குள் போவதையும், லிஃப்ட் கதவு மூடுவதையும் மட்டும்தான். சாவு வீட்டில் பிள்ளை இருக்க வேண்டாம் என்று அவனை ஈசூனில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புளோக் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தபோதும் மண்டாய்க்குக் கொண்டுபோனபோதும் அவன் இல்லை. திரும்பி வந்ததும் பாட்டி சொன்னது, “அப்பா சாமிகிட்ட போயிட்டாங்கய்யா.” பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மூன்று மாதம் கழித்து வகுப்பாசிரியர் கவனிக்கிறார்: பாடவேளைக்கு ஒருமுறை வயிறு வலிக்கிறது என்கிறான், கழிப்பறைக்குப் போய் நெடுநேரம் நிற்கிறான். வீட்டில் அம்மா தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறான். அழவே இல்லை. பள்ளி ஆலோசகர் அம்மாவிடம் பேசி விளையாட்டுச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோரை இழந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சிகிச்சை தேவையில்லை. உண்மையைச் சொல்லும் ஒரு பெரியவர், மாறாத தினசரி ஒழுங்கு, அப்பாவைப் பற்றிப் பேச வீட்டில் இடம் இருந்தால் பலர் அதிலேயே தேறிவிடுவார்கள். முதல் சில வாரங்களில் சிகிச்சைக்கு இழுத்து வருவதை நான் ஊக்குவிப்பதில்லை. இந்தப் பையனுக்குத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. மூன்று மாதமாகியும் அறிகுறிகள் குறையவில்லை. அதைவிட முக்கியம், நடந்தது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் அம்மா மட்டும்

பையன் வருவதற்கு முன் அம்மாவோடு தனியாக ஒரு மணி நேரம். எப்படி இறந்தார், பிள்ளை எதைப் பார்த்தான், எதைக் கேட்டான், எந்தச் சொற்களில் அவனுக்குச் சொன்னீர்கள், சடங்குகளில் எதில் இருந்தான், வீட்டு நம்பிக்கை என்ன, அவர் இறந்த பிறகு அன்றாடத்தில் என்னென்ன மாறியது என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரிது. முன்பு பள்ளிக்கு மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர் அப்பா, இப்போது பேருந்து. அம்மா வேலை நேரத்தைக் கூட்டிக்கொண்டுவிட்டார். மாலையில் பாட்டிதான். அப்படியென்றால் அவன் இழந்தது அப்பாவை மட்டும் இல்லை, அம்மாவில் பாதியையும் சேர்த்து.

மாரடைப்புக்கு முந்தைய நாளைப் பற்றித் தனியாகக் கேட்பேன். அன்று மாலை கேம் விளையாடுவதை நிறுத்தச் சொன்னதற்கு அவன் கத்தி ரகளை செய்ததையும், அப்பா கோபப்பட்டதையும் அம்மா போகிற போக்கில் சொல்வார். “அப்பாவுக்கு பிரஷர் ஏத்தாதேன்னு அத்தை எப்பவும் சொல்வாங்க, மிஸ்.” அதைக் குறித்துவைத்துக்கொள்கிறேன். பையனிடம் அதைப் பற்றிக் கேட்கப் போவதில்லை.

திட்டம் இது: வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், 45 நிமிடம், முதற்கட்டமாக 12 அமர்வுகள். நான்கு அமர்வுக்கு ஒருமுறை அம்மாவோடு அரை மணி நேரம். பள்ளி நாள்காட்டியைப் பார்த்துத்தான் தொடக்க நாளைக் குறிக்க வேண்டும். மே மாதம் தொடங்கினால் ஜூன் விடுமுறை நடுவில் வெட்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் காணாமல் போனதைக் கண்ட பிள்ளைக்கு, சிகிச்சையாளரும் திடீரென்று நான்கு வாரம் காணாமல் போவது நல்லதல்ல.

அறையும் ஓர் அமர்வும்

அறையில் பொம்மைகள் நிறைய வேண்டியதில்லை. ஆனால் எதற்கு எது என்று யோசித்து வைத்திருக்க வேண்டும். வாழ்க்கையைக் காட்டுபவை: பாட்டி தாத்தா உட்பட ஒரு பொம்மைக் குடும்பம், தோல் நிறம் நம் பிள்ளைகளுடையதுபோல, மருத்துவர் பெட்டி, ஆம்புலன்ஸ், இரண்டு தொலைபேசிகள். கோபத்தை வெளிவிடுபவை: டைனோசர், சிப்பாய்கள், குத்தினால் எழுந்து நிற்கும் காற்றுப் பொம்மை. உருவாக்குபவை: களிமண், வண்ணம், அடிப்பகுதி நீலமாக இருக்கும் மணல் தட்டு. மணலை விலக்கினால் அடியில் கடல் தெரியும். அஸ்தியைக் கடலில் கரைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த நீலம் எவ்வளவு பயன்படும் என்று சொல்லவே வேண்டாம். மூடியுள்ள சிறு மரப்பெட்டி ஒன்றும் எப்போதும் வைத்திருப்பேன்.

அமர்வு கதவருகே தொடங்குகிறது. “இது உன் விளையாட்டு நேரம். இங்கே நீ நினைக்கிற மாதிரி பல விதமா விளையாடலாம்.” ‘எப்படி வேண்டுமானாலும்’ என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது உண்மை இல்லை, என்னை அடிக்கக் கூடாது, ஜன்னலை உடைக்கக் கூடாது. ஏமாற்றும் ஒரு வாக்கியத்தோடு தொடங்கக் கூடாது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் விளையாடிக்கொண்டே அப்பா, பாட்டி, சாமி என்று மட்டும் தமிழில் சொல்வார்கள். அவன் எந்த மொழிக்குத் தாவுகிறானோ நானும் அங்கே தாவுகிறேன்.

அடுத்த 35 நிமிடம் அவனுடையது. நான் அவன் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்து மூன்று காரியம்தான் செய்கிறேன். செய்வதைச் சொல்கிறேன்: “அவரை மெதுவா உள்ளே வைக்கிற.” உணர்ச்சியைச் சொல்கிறேன்: “அந்த டாக்டருக்கு ரொம்பப் பதற்றமா இருக்கு.” முடிவை அவனிடமே திருப்பித் தருகிறேன். “இது யாரு?” என்று ஒரு பொம்மையைக் காட்டிக் கேட்டால், “நீ யாருன்னு சொல்றியோ அவங்கதான்.” அது அப்பா என்று நானாகப் பெயர் வைத்துவிட்டால் விளையாட்டு அங்கேயே நின்றுவிடும். கேள்விகளும் குறைவு. அன்பாகக் கேட்டாலும் கேள்வி என்பது பிள்ளைக்கு வகுப்பறைதான்.

எல்லை மீறும்போது வரிசை மாறாத மூன்று வாக்கியங்கள்: “உனக்குக் கோபம் கோபமா வருது. நான் அடிக்கிறதுக்கு இல்ல. அந்தக் காற்றுப் பொம்மையை அடிக்கலாம்.” முதலில் உணர்ச்சியை ஏற்பது, அப்புறம் எல்லை, அப்புறம் மாற்று வழி. நம் வீடுகளில் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு நேராக இரண்டாவதுக்குப் போய்விடுகிறோம்.

40ஆம் நிமிடத்தில் “இன்னும் ஐந்து நிமிஷம்” என்று சொல்வேன். 44இல் ஒருமுறை. முடிந்ததும் அவன் எடுத்து அடுக்க வேண்டாம். நல்ல பழக்கம் போய்விடுமே என்று பாட்டிமார் கேட்பதுண்டு. அவன் கட்டிய உலகத்தை அவன் கையாலேயே கலைக்கச் சொன்னால், அதைக் காட்டியது தப்பு என்று சொன்னதாகிவிடும். அவன் போன பிறகு மணல் தட்டைப் படம் எடுத்துக்கொண்டு நானே கலைக்கிறேன்.

பன்னிரண்டு வாரம்

முதல் இரண்டு அமர்வுகளில் துக்கத்தின் சாயலே இருக்காது. கார்களை வரிசையாக நிறுத்துவான், என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான், மணி எத்தனை என்று கேட்பான். இந்த ஆள் அடுத்த வாரமும் இருப்பாரா என்று சோதிக்கிறான். அவசரப்பட்டு இங்கே “அப்பாவை வரையலாமா?” என்று கேட்பவர்கள் இரண்டு வாரத்தில் கிடைக்க வேண்டியதை இரண்டு மாதத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

மூன்றாம் வாரம் ஆம்புலன்ஸ் வந்தது. மரப்பெட்டி லிஃப்ட் ஆனது. நோயாளியை உள்ளே வைத்து மூடினான். லிஃப்ட் நின்றுவிட்டது. டாக்டர் வரத் தாமதம். நோயாளி செத்துவிட்டார். உடனே எழுந்தார். மறுபடி செத்தார். நான்காம் வாரமும் இதுதான். பார்க்கிற பெரியவருக்கு நெஞ்சு அடைக்கும். பெட்டியைத் திறந்து நோயாளியைக் காப்பாற்றிவிடலாமா என்று கை துடிக்கும். செய்யக் கூடாது. அந்த இரவில் கதவிடுக்கில் கையாலாகாமல் நின்ற பையன் இப்போது லிஃப்டை இயக்குபவனாக இருக்கிறான். அவனுக்கு வேண்டியது அந்த இடம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. திரும்பத் திரும்ப விளையாடுவது எல்லாமே குணமாவதன் அறிகுறி இல்லை. 1976இல் கலிபோர்னியாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அதிர்ச்சிக்குப் பின் வரும் ஒருவகை விளையாட்டு சுகமே தராமல் சுற்றிச் சுற்றி வருவதைக் காட்டினார். இரண்டையும் பிரித்தறிய நான் பார்ப்பது சிறு மாற்றங்களை. இந்த வாரம் லிஃப்டில் ஒரு பொத்தான் கூடியதா, புதிதாக ஒருவர் வந்தாரா, குரல் ஏறி இறங்குகிறதா, முடித்ததும் பெருமூச்சு விட்டு வேறொன்றுக்குப் போகிறானா? அப்படியானால் விளையாட்டு நகர்கிறது. அதே வரிசை, அதே சொல், கல்லைப் போன்ற முகம், முடியும்போது வந்ததைவிட இறுக்கம், அன்று இரவு கெட்ட கனவு என்றால் அது சிக்கிக்கொண்டது. மூன்று நான்கு வாரம் அப்படியே போனால் நான் மெல்லத் தலையிடுவேன்: “பக்கத்து வீட்டுக்காரர் இதையெல்லாம் பாத்துக்கிட்டிருந்தா என்ன சொல்வாரு?” என்று இன்னொரு கண்ணைக் கொண்டுவருவேன், அல்லது வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். அதிலும் அசையவில்லை என்றால் அதிர்ச்சிக்கென்றே உள்ள வேறு சிகிச்சைமுறை தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும்.

இவனுடையது நகர்ந்தது. ஐந்தாம் வாரம் ஒரு சிறுவன் பொம்மை கதைக்குள் வந்தான். வந்தவனை மணலில் தலைவரை புதைத்தான். “இவன் கெட்டவன். சத்தம் போட்டான். அதான்.” முடிச்சு இதுதான். “நீ அப்படி நினைக்காதே, உன்னால் இல்லை” என்று அந்த நொடியில் சொல்வது எளிது, பயன் குறைவு. அவன் இன்னும் தன்னைப் பற்றிப் பேசவில்லை, பொம்மையைப் பற்றித்தான் பேசுகிறான். கதைக்கு உள்ளேயே நின்றேன். “தன்னாலதான் ஆச்சுன்னு அந்தப் பையன் நினைக்கிறான். தனியா இருக்கான்.” கொஞ்ச நேரம் கழித்து, “டாக்டருக்கு உடம்பு எப்படி வேலை செய்யும்னு தெரியும். அவர்கிட்ட இந்தப் பையன் என்ன கேட்பான்?” ஆறாம் வாரம் அவனே டாக்டர் பொம்மையை மணல் தட்டுக்கு அழைத்து வந்து கேட்டான்: “சத்தம் போட்டா ஹார்ட் நிக்குமா?” டாக்டர் என் கையில் இருந்தார். “நிக்காது. ரத்தம் போற குழாய் அடைச்சுக்கிச்சு. அது ரொம்ப நாளா உள்ளுக்குள்ளயே நடந்தது. யார் சத்தமும் அதைச் செய்யாது.” மணலிலிருந்து பொம்மையை அன்று அவன் எடுக்கவில்லை. அதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது, அதற்குள் வீட்டில் ஒன்று நடந்தாக வேண்டியிருந்தது.

அம்மாவிடம் சொல்வது

பையனுக்கு முதல் நாளே சொல்லியிருக்கிறேன்: நான் அம்மாவிடம் பேசுவேன், அவன் விளையாடியதை ஒவ்வொன்றாகச் சொல்ல மாட்டேன், அவனுக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் மட்டும் கட்டாயம் சொல்வேன். ஒவ்வொரு சந்திப்புக்கு முன்னும் “எதைச் சொல்லலாம்?” என்று அவனிடம் கேட்கிறேன். சந்திப்பு வேறொரு நாளில். அவன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, உள்ளே பெரியவர்கள் பேசுவது அவன் கட்டிய நம்பிக்கையை ஒரே நாளில் குலைத்துவிடும்.

ஆறாம் வாரத்துக்குப் பிறகு திட்டத்தில் இல்லாத ஒரு சந்திப்பைக் கேட்டேன். அந்தப் பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்:

“வீட்ல ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல மிஸ். இங்க வந்து அழறானா?”

“அழல. ஆனா அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சுக்க ரொம்ப முயற்சி பண்றான். இந்த வயசுப் பிள்ளைங்க பத்து நிமிஷம் துக்கத்துல இருப்பாங்க, அப்புறம் ஓடிப் போய் விளையாடுவாங்க. அது மறந்துட்டதுனால இல்ல.”

“நான் என்ன பண்ணணும்?”

“தன்னாலதான் அப்பா இறந்தாங்கன்னு ஒரு கவலை அவன்கிட்ட இருக்கு. இதை உங்ககிட்ட சொல்லலாமான்னு கேட்டேன், சரின்னான். நான் சொல்றது பாதிதான் சேரும். நீங்க சொல்லணும். அப்பா இறந்துட்டாங்கன்னு அந்தச் சொல்லாலேயே சொல்லுங்க. எதனாலன்னும் சொல்லுங்க.”

“சாமிகிட்ட போயிட்டாங்கன்னு அத்தை சொல்றாங்களே, அதை வேண்டாம்னு எப்படிச் சொல்றது?”

“வேண்டாம்னு சொல்ல வேண்டாம்மா. உடம்பு நின்னுபோச்சு, இறந்துட்டாங்க, அப்புறம் சாமிகிட்ட இருக்காங்கன்னு நாம நம்புறோம். அந்த வரிசையில சொன்னா போதும். சாமிகிட்ட போயிட்டாங்கன்னு மட்டும் சொன்னா, ஏன் என்னை விட்டுட்டுப் போனாங்கன்னு கேள்வி வரும்.”

மணலில் புதைத்ததையோ, ‘கெட்டவன்’ என்ற சொல்லையோ நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கருவைச் சொல்கிறேன், காட்சியைச் சொல்வதில்லை. காட்சியைக் கேட்ட அம்மா அன்றிரவே “ஏன்டா உன்னைப் புதைச்சே?” என்று கேட்டுவிடலாம். அது அவர் குற்றம் இல்லை, யாராலும் அடக்க முடியாது.

சந்திப்புக்குப் பின் எழுத்தில் ஒரு பக்கம் தருகிறேன். சோகத்தில் இருப்பவருக்குப் பேச்சில் பாதி நினைவில் நிற்காது. அதன் நடை இப்படி இருக்கும்:

“வணக்கம். இதுவரை ஆறு அமர்வுகள் முடிந்துள்ளன. எல்லாவற்றுக்கும் நேரத்துக்கு வந்தான். உதவி தாமதமாவது, காப்பாற்ற முடியாமல் போவது, யார் காரணம் என்பது ஆகியவை அவன் விளையாட்டில் தொடர்ந்து வருகின்றன. தொடக்கத்தைவிட இப்போது உணர்ச்சியைக் கூடுதலாக வெளிப்படுத்துகிறான்; அதனால் வீட்டில் சில நாள் கோபம் கூடலாம், அது எதிர்பார்த்ததே. இந்த நான்கு வாரத்தில் வீட்டில் இரண்டு காரியம் மட்டும்: அப்பா இறந்த காரணத்தை அவனிடம் நேராகச் சொல்லுங்கள், ‘அம்மாவுக்கும் ஏதாவது ஆகிட்டா?’ என்று கேட்டால் ‘ஆகாது’ என்று சத்தியம் செய்யாமல், ‘நான் ரொம்ப நாள் இருப்பேன்னு நினைக்கிறேன், அப்படி ஏதாவது ஆனா மாமா வீட்ல உன்னைப் பாத்துப்பாங்க’ என்று பெயர் சொல்லிப் பதில் தாருங்கள். அமர்வு முடிந்து வரும்போது என்ன விளையாடினான் என்று கேட்க வேண்டாம்.”

அந்தச் சனிக்கிழமை அம்மா சொன்னார். பையன் எதுவும் பேசாமல் போய் டிவி பார்த்தான். மறுநாள் குளிக்கும்போது, கதவுக்கு உள்ளிருந்து, “குழாய் அடைச்சது அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?” என்று கேட்டான். எட்டாம் வாரம் மணலில் இருந்த பையனை வெளியே எடுத்து ஆம்புலன்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தான்.

ஒன்பதாம் வாரத்திலிருந்து அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தை, அவன் சம்மதித்தால், நினைவுப் பெட்டிக்கு எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் ஹெல்மெட் ஸ்டிக்கர், ஈஸிலிங்க் அட்டை, ஒன்றாகப் போன இடத்தின் படம். அவனுக்கு விட்டுப்போன இறுதி விடைபெறலையும் இங்கேதான் செய்கிறோம். அவன் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினான், அதைக் குடும்பம் திதி அன்று படத்தின் முன் வைப்பதாக முடிவாயிற்று. ஒன்பதாம் வாரமே இன்னும் மூன்றுதான் என்றும் சொல்லிவிடுகிறேன். அவன் வாழ்வில் முன்கூட்டியே அறிவித்து வரும் பிரிவு அநேகமாக இதுவே முதல் தடவை.

போதாமல் போவது எப்போது

விளையாட்டு நகர்ந்தும் தூக்கமோ பள்ளியோ சீராகவில்லை என்றால், அல்லது இறப்புக்கு ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஏக்கம் அன்றாடத்தை முடக்கினால், நீடித்த துக்கக் கோளாறா என்று மதிப்பிட வேண்டும். 2022இல் வந்த அமெரிக்க மனநல நோய்க் கையேட்டின் திருத்தப் பதிப்பு பெரியவர்களுக்கு 12 மாதமும் பிள்ளைகளுக்கு 6 மாதமும் வரம்பு வைக்கிறது. “அப்பாகிட்ட போகணும்” என்று பிள்ளை சொன்னால் பதறாமல் “எப்படிப் போவேன்னு நினைக்கிறே?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஏக்கம்தான். எப்படி என்பதற்குப் பதில் வைத்திருந்தால் அன்றே உதவி தேவை: மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222, சமாரிட்டன்ஸ் 1767. அவசரமில்லாதவற்றுக்குப் பள்ளி ஆலோசகர்தான் நல்ல முதல் வாசல். தேவைப்பட்டால் மாணவர்களின் மனநலத்தைக் கவனிக்கும் ரீச் குழுவுக்கோ கேகே மருத்துவமனைக்கோ அனுப்புவதற்கான வழி அவருக்குத் தெரியும். குடும்பச் சேவை நிலையங்களிலும் கேட்கலாம், ஆனால் எல்லா நிலையத்திலும் விளையாட்டுச் சிகிச்சை இருக்காது. தனியாரிடம் போவதானால், எங்கே பயின்றார், மேற்பார்வை யாரிடம் பெறுகிறார், துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். பொம்மைகள் உள்ள அறை இருந்தால் மட்டும் அது சிகிச்சை ஆகிவிடாது.

பன்னிரண்டாம் வாரத்துக்குப் பின் அம்மாவுக்கு நான் தரும் தேதிகள் மூன்று: மூன்று மாதம் கழித்து ஒரு தொலைபேசிப் பேச்சு, முதல் தீபாவளிக்கு முந்தைய வாரம், முதல் ஆண்டுத் திதிக்கு முந்தைய வாரம். இந்த நாள்களில் வயிற்றுவலி திரும்ப வந்தால் ஒன்றிரண்டு அமர்வு போதுமானதாக இருக்கும். வகுப்பாசிரியருக்கும் ஒரு குறிப்பு போகிறது, அம்மாவின் அனுமதியோடு: தந்தையர் தின அட்டை செய்யும் நாளில் அவனைத் தனியாக உட்கார வைக்க வேண்டாம், செய்யாதே என்று விலக்கவும் வேண்டாம், யாருக்குச் செய்கிறாய் என்று முந்தைய நாளே அவனிடம் கேட்டுவிடுங்கள்.